ஊசி இறங்கிய கையெழுத்து

செபாஸ்தியம்மாள் படம் வரைந்தவர் அல்லர். படம் வரைவதற்கான துணியைப் பதப்படுத்தியவர். அவருடைய கணவர் ராயப்பராஜ் திண்டுக்கல்லில் எண்ணெய்ச்சாய ஓவியராக இருந்தார். கோயில் படங்களும், இறந்தவர்களின் உருவப்படங்களுமாகப் பிழைப்பு நடந்தது. அவர் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்துக் கொடுப்பார். செபாஸ்தியம்மாள் நத்தத்திலிருந்து வரும் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சிப் பசையாக்கி, சுண்ணாம்புத்தூள் கலந்து அந்தத் துணியின் முகத்தில் பூசுவார். காய்ந்த பிறகு தேய்த்து மறுபடி பூசுவார். மனைவி கைவைக்காத துணியில் ராயப்பராஜ் ஒரு படமும் வரைந்ததில்லை.

பழைய பொருள் வியாபாரி நல்லுசாமி அந்த வீட்டுக்கு 1949 முதல் வந்து போனார். ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட காலம். அரண்மனைகளிலிருந்து கண்ணாடி விளக்குகளும் நாற்காலிகளும் படங்களும் வெளியேறிக்கொண்டிருந்தன. 1909இல் இறந்த தாண்டவராயர் என்ற ஓவியரின் ஜமீன் உருவப்படங்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. அதே பாணியில் வெள்ளைத் தலைப்பாகை மனிதர்களை வரைந்து தரும்படி ராயப்பராஜிடம் நல்லுசாமி கேட்டார். "பேரு மட்டும் போட்டுறாத அப்பு. வாங்குறவன் தன் பாட்டன்னு சொல்லிக்கிருவான். ஒம் பேரு எதுக்கு அதுல?" என்றார். ராயப்பராஜும் போடவில்லை.

1953இல் மதுரையில் ஒரு படம் பிடிபட்டது. அதில் தாண்டவராயர் கையெழுத்து இருந்தது. வரைந்தவனே கையெழுத்தையும் போட்டு என்னை ஏமாற்றினான் என்று நல்லுசாமி போலீசில் சொன்னார். ராயப்பராஜைப் பிடித்துக்கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தார்கள். சான்று இல்லையென்று பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் கோயில் வேலை நின்றது. ஊரில் ஒருவரும் படம் எழுதச் சொல்லவில்லை. ஏற்கெனவே நெஞ்சு நோய் உள்ளவர், அடுத்த ஆண்டே இறந்தார். கல்லறைக்கு வந்த நல்லுசாமி, செபாஸ்தியம்மாளின் காதில் விழும்படி, "கை சுத்தமில்லாதவன், பாவம்" என்று யாரிடமோ சொன்னார்.

அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர, அதற்குப் பின் செபாஸ்தியம்மாளின் வாழ்க்கையில் வேறு திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. படங்களுக்குச் சட்டம் போடுவது, அழுக்கெடுப்பது, கிழிந்த துணியை ஒட்டுவது என்று வேலை செய்தார். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைப் பார்த்தார்.

1961இல் தோல் ஷாப் முதலாளி சடையாண்டி அவரை ஆளனுப்பி அழைத்தார். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத்தோல் வாங்கி விற்றுத் தொடங்கி, தோல் பதனிடும் தொழிலில் உயர்ந்தவர். புது பங்களாவின் கூடத்தில் மூன்று உருவப்படங்கள் தொங்கின. மூன்றும் நல்லுசாமியிடம் வாங்கியவை. மூன்றாவதை வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. மூன்றிலும் வலது கீழ்மூலையில் சிவப்பில் 'தாண்டவராயர்' என்ற கையெழுத்தும் ஆண்டும் இருந்தன. ஒரு படத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது.

செபாஸ்தியம்மாள் பஞ்சை டர்பன்டைனில் தொட்டு அந்தப் படத்தின் மூலையை மெல்லத் துடைத்தார். வார்னிஷ் இளகியது. அதோடு கையெழுத்தின் சிவப்பும் பஞ்சில் ஏறியது. அடியில் இருந்த அங்கியின் பழுப்பு அசையவில்லை. படத்தைக் கழற்றித் திருப்பினார். துணி மடிந்து ஆணி அடித்திருந்த ஓரங்களைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தாயி, மயக்கமா?"

"இல்ல முதலாளி. இது என் வீட்டுக்காரர் வரைஞ்ச படம்."

"விளையாடாத. கையெழுத்து இருக்குல்ல?"

"இந்தா பஞ்சுல இருக்கு. வார்னிசு பூசி முடிச்ச பொறகு மேல எழுதியிருக்காக. படத்தோட கூடவே எழுதுனதா இருந்தா அது வார்னிசுக்கு அடியில, சாயத்தோட சாயமா இறுகிப்போயிருக்கும்."

"அப்ப படம் பொய்யி?"

இந்த இடத்தில் அவர் சொன்ன பதிலைச் சடையாண்டி பின்னாளில் பலரிடம் திரும்பச் சொன்னார். "கையெழுத்துப் பொய்யின்னா படமும் பொய்யின்னு ஆயிராது முதலாளி. நல்ல படத்துலயும் எவனாவது பேரு எழுதுவான். பேர விட்டுட்டு மத்ததப் பாக்கணும்." தாண்டவராயர் வரைந்தது சீமையிலிருந்து வந்த துணியில், அது ஆலையிலேயே பூச்சுப் பூசி, பிறகு வெட்டி விற்கப்படுவது, ஆகவே மடிப்பு ஓரத்திலும் பூச்சு இருக்கும். இந்தத் துணியோ சட்டத்தில் அடித்த பிறகு பூசப்பட்டது. ஓரம் வெறுந்துணியாகக் கிடந்தது. பூச்சில் புளியங்கொட்டைப் பசையின் பழுப்பு தெரிந்தது.

நல்லுசாமியை வரவழைத்தார்கள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"தங்கச்சிக்கு எம்மேல ஆத்திரம். புருசன் போன துக்கம். நான் கொண்டு வாரது எதுவா இருந்தாலும் பொய்யின்னுதான் சொல்லும். ஒண்ணு செய்வோம் முதலாளி. இன்னொரு தாண்டவராயர் கொண்டு வாரேன். அதப் பாத்துத் தங்கச்சி என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

அடுத்த வாரம் அவர் பாலசமுத்திரத்துக்காரர் ஒருவருடன் வந்தார். கருப்புசாமி என்று பெயர் சொல்லி, நண்பர் என்று மட்டும் அறிமுகப்படுத்தினார். கொண்டுவந்த படத்தை மேசைமீது கிடத்தினார்கள். வெள்ளைத் தலைப்பாகையுடன் ஒரு முதியவர். கையெழுத்து கறுப்பில், கோணலாக, இடது மூலையில் இருந்தது. ஆண்டு இல்லை. எழுத்துகள் மூன்று படங்களில் இருந்ததைப் போலவும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, கறுப்பு மை படத்தின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. படம் காய்ந்து, பழசாகி, வெடித்த பிறகு எழுதிய எழுத்து.

"பொய்" என்று ஒரு சொல் போதும். கூடத்தில் இருந்த அனைவரும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தார்கள். சடையாண்டி அதை நம்பத் தயாராக இருந்தார். நல்லுசாமியின் கடைசிப் படமும் அதோடு போய்விடும். ஏழு ஆண்டுகளாகத் தேடிய தருணம் கையருகே இருந்தது.

செபாஸ்தியம்மாள் படத்தைத் திருப்பச் சொன்னார். மடிப்பு ஓரம் முழுவதும் பூச்சு. சட்டத்தின் மரம் காற்றுப்பட்ட இடத்தில் கறுத்தும், துணி மறைத்த இடத்தில் வெளுத்தும் இருந்தது. ஆணிகளின் துரு துணியில் வளையமாக ஊறியிருந்தது. வேறு ஆணி அடித்த துளை இல்லை. முன்பக்கம் திருப்பி முகத்தை வெகுநேரம் பார்த்தார். மதுரையில் கணவரோடு போய்ப் பார்த்த தாண்டவராயர் படங்களில் கன்னத்து நிழல் பச்சை கலந்த பழுப்பில் தொடங்கி, அதன்மேல் மெல்லிய சிவப்பாக ஏறும். அதைப் பிடிக்க ராயப்பராஜ் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கடைசிவரை அவருக்கு அது கைகூடவில்லை.

"கையெழுத்து அவரு போட்டதில்ல" என்றார். நல்லுசாமியின் முகம் மலர்ந்தது. "ஆனா படம் அவரு வரைஞ்சது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. கருப்புசாமி முதன்முறையாக வாய் திறந்தார்.

"சரியாச் சொன்னீங்கம்மா. இது எங்க பாட்டனாருங்க. அவரு உக்கார, தாண்டவராயரு படம் எழுதுனதை எங்க அய்யன் பாத்துருக்காருங்க. பேரு எங்க கணக்குப்பிள்ளை பின்னால எழுதுனதுங்க, மறந்துருவாங்கன்னு. நீங்க பொய்யின்னு சொன்னா உடனே எந்திரிச்சு இதையச் சொல்லோணும்னுதானுங்க இவரு என்னையக் கூட்டிட்டு வந்தாரு."

சடையாண்டி நல்லுசாமியைத் திரும்பிப் பார்த்தார். நல்லுசாமி தடுமாறவில்லை. "நல்லதாப் போச்சு. தங்கச்சி வாயாலயே வந்துருச்சே, நான் கொண்டாந்தது நெசம்னு. அப்ப மத்த மூணும் நெசந்தான?"

"அதத்தான் இப்பப் பாக்கப் போறோம்" என்றார் செபாஸ்தியம்மாள். "நெசம் எதுன்னு இம்புட்டு நாளா பக்கத்துல வச்சுப் பாக்க ஒண்ணுமில்லாம இருந்துச்சு. நீங்களே கொண்டாந்து குடுத்துட்டீக."

நான்கையும் வரிசையாகக் கிடத்தச் சொன்னார். பிறகு, தோலில் முடி கழிக்கப் பயன்படும் சல்பைடைத் தண்ணீரில் கரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னார். அழுகிய முட்டை நாற்றத்தில் கருப்புசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு தலைப்பாகையின் ஓரத்திலிருந்தும், கண்ணில் படாத இடத்தில், வெள்ளையில் கடுகளவு துணுக்கைக் கத்திமுனையால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒவ்வொரு சொட்டு விட்டார். பாலசமுத்திரத்துப் படத்தின் துணுக்கு காப்பித்தூள் நிறமாகி, பிறகு கறுத்தது. மற்ற மூன்றும் வெள்ளையாகவே கிடந்தன.

"தாண்டவராயரு தீட்டுனது ஈய வெள்ளை. அது இந்தச் சல்பைடுல கறுக்கும். நம்ம ஊர்த் தோல் ஷாப் காத்துக்கே மாதா கோயில் சுவர்ல சம்மனசோட செறகு மங்கிப்போச்சுன்னு, என் வீட்டுக்காரர் ஈய வெள்ளையத் தொடுறத விட்டுட்டாரு. டைட்டானியம்னு டியூப்புல வரும், அதத்தான் வாங்குவாரு. தாண்டவராயரு சாகுறப்ப அந்தச் சாயமே கடைக்கு வரல." சற்று நிறுத்தி, தாமே திருத்திக்கொண்டார். "இது ஒண்ண மட்டும் வச்சு நான் சொல்லல. கறுக்காத பழைய வெள்ளையும் உண்டு. துணி, ஓரம், கன்னம், வெள்ளை எல்லாம் ஒரே பக்கம் காட்டுது."

நல்லுசாமி அப்போதுதான் தம் பழைய கதையை எடுத்தார். "அப்ப ராயப்பந்தான் என்னைய ஏமாத்திருக்கான்! வரைஞ்சு, கையெழுத்தும் போட்டு எந்தலையில கட்டிட்டான். நான் என்னத்தக் கண்டேன்?"

அந்தக் கூடத்தில் செபாஸ்தியம்மாள் சிரித்தது அந்த ஒரே முறைதான். முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, ஓராண்டுக்கு முன் விற்ற மூன்றாவது படத்தின் சிவப்புக் கையெழுத்தில், சாயம் திரண்டிருந்த ஓர் எழுத்தில் அழுத்தினார். ஊசி இறங்கியது. பக்கத்தில் அங்கியின் தடித்த பூச்சில் அழுத்தினார். இறங்கவில்லை. ஊசியைச் சடையாண்டியிடம் நீட்டினார். அவர் தாமே இரண்டு இடத்திலும் குத்திப் பார்த்தார்.

"மேலதான் காஞ்சிருக்கு முதலாளி, உள்ள இன்னும் மெத்துமெத்துன்னு இருக்கு. செத்து ஏழு வருசமான மனுசன் போன வருசம் எந்திரிச்சு வந்தா கையெழுத்துப் போட்டாரு? கேளுங்க."

சடையாண்டி வாசலில் நின்ற ஆளை அழைத்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

சடையாண்டி கொடுத்த புகாரில் வழக்கு நடந்தபோது நல்லுசாமியின் மனைவி பழனியம்மாள் இருமுறை வந்து அழுதார். செபாஸ்தியம்மாள் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "என் வீட்டுக்காரர் லாக்கப்புல இருக்கையில நான் ஒங்க வாசல்ல நின்னேன். நீங்க சன்னல் வழியாப் பாத்தீக, எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரை நெடுநேரம் குறுக்கு விசாரணை செய்தார். விசாரணைப் பதிவின் நகலில், முடிவுக்குச் சற்று முன் உள்ள பகுதி இது:

"உமக்கும் எதிரிக்கும் முன்விரோதம் உண்டா?"

"உண்டு."

"அவரைப் பழிவாங்கவே சாட்சி சொல்ல வந்தீர் என்கிறேன்."

"ஆமாங்கய்யா. அதுக்குத்தான் வந்தேன். ஊசி மேசையில இருக்கு. எனக்கு ஆகாதவுகன்னு அதுக்குத் தெரியாது. நீங்களே குத்திப் பாருங்க."