மூன்றாவது படத்தில் மஞ்சள் அறை

அக்காவும் தங்கையுமாக இருவர்தான் என்பதால், ஐம்பதைத் தாண்டிய பின்னும் வீட்டில் அவள் பெயர் சின்னவள். செயலி செய்கிற பையன்கள் வட்டாரத்தில் மட்டும் அவளை மரியாதையாக மேடம் என்பார்கள். சோப்பு டப்பாவின் பின்பக்க வாசகங்களை எழுதிக்கொண்டிருந்தவள், பிறகு போன் செயலிகள் கிடைக்கும் ஸ்டோரில் ஒவ்வொரு செயலிக்கும் கீழே வரும் விவரத்தை எழுதத் தொடங்கினாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள். கடந்து போகிறவன் ஒரு நொடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழுந்தன் வேலையை விட்டுவிட்டு ஒரு செயலி செய்திருந்தான். போனை ஓரிடத்தில் வைத்துவிட்டால் சும்மா கிடக்கும். சத்தம் கேட்டால் மட்டும் பதிவைத் தொடங்கும், சத்தம் அடங்கினால் நிறுத்திக்கொள்ளும். நல்ல சாமான். ஆனால் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பெயர் ‘சவுண்ட் ட்ரிகர் ப்ரோ’. ஐந்து ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தான், ஐந்தும் செட்டிங்ஸ் பக்கம்.

"இது பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு எக்ஸ்ரே காட்டற மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள்.

"நீங்களே அலங்காரம் பண்ணுங்க அண்ணி" என்று லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான்.

ஒரு செயலியைத் தேடுகிறவன் அதன் பெயரைத் தேடுவதில்லை, தன் தொல்லையைத் தேடுகிறான் என்பது அவள் கணக்கு. அதனால் எழுதுவதற்கு முன் தெரிந்தவர்களிடமெல்லாம், இப்படி ஒன்று வேண்டுமென்றால் என்னவென்று தட்டித் தேடுவீர்கள் என்று கேட்டுவைப்பாள். குழந்தை அழுகை என்றார்கள், குறட்டை என்றார்கள். அக்கா மட்டும், "நான் இல்லாதப்ப என் வீட்ல என்ன சத்தம்னு தேடுவேன்" என்றாள்.

அக்கா தனியாக இருந்தாள். சில மாதங்களாக மஞ்சள் அறையில் ஏதோ நடமாடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மஞ்சள் வண்ணம் அடித்த முன்னறைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் சகோதரிகள்தான், வேறு யாருக்கும் அது தெரியாது. காதைச் சோதித்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். வெளியூரில் இருந்த மகள், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று வாரம் தவறாமல் போனில் நச்சரித்தாள். தனக்குத்தான் மூளை குழம்புகிறதோ என்று அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது உறுதியானால் விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

சின்னவள் இரக்கப்பட்டாள். கூடவே அந்த வாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டாள்.

தலைப்புக்கு முப்பது எழுத்துதான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் விழும். வெட்டி ஒட்டி ‘ஆளில்லா வீடு: ஒலிப்பதிவு’ என்று அடக்கினாள். கீழே ஒரு வரி: நீங்கள் இல்லாதபோது வீட்டில் எழும் சத்தத்தைத் தானே பதிவு செய்யும்.

படங்கள்தான் மிச்சம். தேடும்போது பெயரோடு சேர்ந்து கண்ணில் படுவது முதல் சில படங்கள்தான். அவற்றில் பொய் வரைந்து வைப்பது அவளுக்கு ஆகாது. செயலி உண்மையில் காட்டுவதைத்தான் காட்ட வேண்டும் என்பது ஸ்டோரின் விதியும்கூட. செயலியைத் தன் வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தாள். மிக்ஸி, டிவி, பிள்ளைகளின் சண்டை என்று பட்டியல் சந்தைக்கடையாகிவிட்டது. அமைதியான வீடு ஒன்று வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பிட அழைத்துவரப் போனபோது, பழைய போன் ஒன்றைப் பழக்கூடையில் சாய்த்துவைத்து, பதிவுக்கு ‘மஞ்சள் அறை’ என்று பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். பூட்டுக்கு இரண்டே சாவி. இரண்டும் அன்று முழுவதும் சின்னவளின் வீட்டில்தான் இருந்தன.

மாலையில் அக்காவைக் கொண்டுவிடப் போனபோது போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று குட்டிப் பதிவுகள், ஒரு நீளமான பதிவு. நீளமானதைத் திறந்தால் சத்தத்தின் அலைக்கோடு அழகாக விழுந்திருந்தது. சம இடைவெளியில் மேடு, பள்ளம், மேடு. படத்துக்கென்றே செய்தது போல இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதி, மூன்றாவது படமாக வைத்தாள். கொழுந்தன் புதிய பதிப்பைச் சோதிக்க அதே போனைக் கேட்டதும், அதிலிருந்த பதிவுகளை அழித்துக் கொடுத்துவிட்டாள்.

வேலையிலேயே ஊறியவர்களுக்கு வரும் தவறு அது. அவள் அலைக்கோட்டைப் பார்த்தாள். சத்தத்தைக் கேட்கவில்லை.

செயலி ஓடத் தொடங்கியது. கொழுந்தன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பத்து நாள் போயிருக்கும், அக்கா போன் செய்தாள். குரல் விசித்திரமாக அமைதியாக இருந்தது. அவளும் ஸ்டோரில் தேடியிருக்கிறாள். தேடியதும் முதலில் வந்தது இதுதான்.

"மூணாவது படத்துல மஞ்சள் அறைன்னு இருக்கு. தேதியும் இருக்கு. அன்னிக்கு நான் உன் வீட்லதானே சாப்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள். "அது என்ன சத்தம்டி?"

தெரியாது, கேட்கவே இல்லை, அழித்துவிட்டேன் என்று சின்னவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். திட்டாமலே அக்கா போனை வைத்துவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

கொழுந்தனிடம் ஓடினாள். குழாய்த் தண்ணீரோ, புறாவோ இருக்கும் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பத்து விநாடி சத்தமில்லைன்னா பதிவு தானா நின்னுடும் அண்ணி. இது நாலு நிமிஷம் ஓடியிருக்கு." கோட்டின் மேல் விரலை ஓட்டி, "புறா இவ்வளவு ஒழுங்கா நடக்காது" என்றான்.

அடுத்த ஞாயிறு அதே போன், அதே பழக்கூடை, எவ்வளவு சத்தத்துக்குப் பதிவு தொடங்க வேண்டும் என்ற அளவும் அதே. அக்கா தானே பூட்டி, இழுத்துப் பார்த்தாள். இருவரும் எதிர்ச்சாரி டீக்கடையில், வாசல் கண்ணில் படும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. ஏதாவது விழுந்திருக்க வேண்டும் என்று சின்னவள் வேண்டிக்கொண்டாள். விழுந்ததைக் கேட்டு, ஒரு குழாயையோ கதவையோ கைகாட்டிவிட்டால் அக்காவுக்கு நிம்மதி.

நண்பகல் தாண்டித் திறந்தார்கள். போன் திரையில் பூட்டிய சத்தமும் இப்போது திறந்த சத்தமும் மட்டும் இரண்டு குட்டிப் பதிவுகளாக இருந்தன, நடுவில் ஒன்றுமே இல்லை.

சின்னவள் மேசையைத் தட்டிப் பார்த்தாள். உடனே ஒரு பதிவு விழுந்தது. செயலியில் கோளாறு இல்லை.

"போன தடவை அதுக்குத் தெரியாது. இந்தத் தடவை நாம கேக்கறோம்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. சின்னவள் போனை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, பையைக் கட்டு. என்கூட வா. அந்தப் படத்தையும் இன்னிக்கே எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? எனக்குப் பைத்தியம்னு நானே நம்பிட்டேன், விக்கறதுக்கு ஆளைக்கூட வரச் சொல்லிட்டேன். நான் இல்லாதப்பவும் சத்தம் வருதுன்னா அது என் தலைக்குள்ள இல்ல. அது போதும் எனக்கு. வரவேண்டாம்னு அந்த ஆளுக்குச் சொல்லிடறேன்." பழக்கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "வேற எங்கயும் சாட்சி இல்ல. அந்தப் படம் அங்கயே இருக்கட்டும்."

சின்னவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா சுளையை நீட்டினாளே தவிர அசையவில்லை.

அன்று மாலை சின்னவள் மூன்றாவது படத்தின் மேல் இருந்த எழுத்தை மட்டும் மாற்றினாள்: ‘வீடு பூட்டியிருந்தது. இது என்னவென்று எங்களுக்கும் தெரியாது.’ இப்படி எழுதினால் யார் நிறுவுவார்கள் என்று கொழுந்தன் முணுமுணுத்தான். பழைய வரியோடு சோதனைக்கு விட்டு, வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு இதையும் காட்டினான். ஜெயித்தது புதியதுதான். அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. அவள் அதன்பின் அந்த அலைக்கோட்டைப் பார்க்கவே இல்லை.

அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். மதியம் கடைக்குப் போகும்போது முன்னறையைப் பார்த்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் பூட்டுகிறாளாம். இப்போதெல்லாம் அங்கே போனால் சின்னவள் மஞ்சள் அறையில் உட்காருவதில்லை. நேரே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள்.