எல்லா அம்மாவுக்கும், ஒரே மீட்டர்

பிரச்சார ஆட்டோவில் மைக் பிடிப்பவனுக்குத் தொண்டை சொந்தமில்லை. நாள் வாடகைக்குப் போகும் சாமான் அது. பஸ் ஸ்டாண்டில் ‘திருப்பதி, திருப்பதி’ என்று கூவுகிறவர்களே, கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவர்களே, உங்களுக்குப் புரியும். எனக்கு இப்போது பத்தொன்பது. எந்தத் தலைவர் போலவும் பேசுவேன். சித்தூர்ப் பக்கம் குடிபாலாவில் இது தெரியாத ஆள் கிடையாது. அதனால் போன தேர்தலில் ஆட்டோ என் வீட்டு வாசலுக்கே வந்தது.

வெட்டின வரி

கையில் கொடுத்த தாளில், படிக்கிற பிள்ளைகளின் அம்மாவுக்கு வருசா வருசம் பணம், ‘தகுதி உள்ளவர்களுக்கு’ என்று இருந்தது. தலைவர் குரலில் அப்படியே வாசித்தேன். ‘தகுதி’ என்றதும் குழாயடிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அடுத்த தெருவில் ‘எல்லா அம்மாவுக்கும்’ என்று மட்டும் சொன்னேன். குடத்தை இறக்கிவைத்து நின்றார்கள்.

கட்சிப் பொறுப்பாளர் பாபு அண்ணா ‘தகுதி’ வரியைப் பேனாவால் அடித்தே கொடுத்துவிட்டார். “தகுதிய ஜெயிச்சப்புறம் கவர்ன்மெண்ட் சொல்லிக்கும். நீ ஏன்டா இப்பவே சொல்லிக்கினு?”

ஒரே ஆட்டோ, ரெண்டு கொடி

மாலையில் அதே ஆட்டோ எதிர்க்கட்சிக்குப் போகும். பெட்ரோல் பங்க் பின்னால் டிரைவர் கொடியை மாற்றுவார், நான் குரலை மாற்றுவேன். காலைக் கட்சி வீட்டுக்கு ஒரு அம்மாவுக்கு ஒரு தொகை என்றது. மாலைக் கட்சி அதை ஏலத்தில் முந்துவதுபோல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக என்றது.

எங்கள் தெரு செல்வி அக்கா மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்கிறாள், மூன்று பிள்ளைகள். ரெண்டு வேளையும் கேட்டுவிட்டு ஆட்டோவை மறித்தாள். “காத்தால வீட்டுக்கு ஒண்ணுன்ன. சாய்ங்காலம் மூணுக்கும்ன்ற. நாளைக்கும் இப்டியே ஏத்திக்கினு போனா, நாலாவது பெத்துக்கறேன்டா மைக்கு.”

சிவப்புக் கட்டம்

மாலைக் கட்சி ஜெயித்தது. கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு ஆபீஸ் சுவரில் பணம் கிடைப்பவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். அதில் செல்வி அக்கா இல்லை. எம்எல்ஏ வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்து நின்றாள். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சச்சிவாலயத்து ஊழியர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நிலம், கார், அரசு வேலை, வருமான வரி எல்லாம் பச்சை. கரண்ட் மட்டும் சிவப்பு: மாதம் முந்நூறு யூனிட்டுக்கு மேல். வீட்டில் ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி. விசாரித்தால், லைன் வீடு நாலுக்கும் ஒரே மீட்டர். பில் கட்ட எப்போதும் அக்காதான் போவாள். ஆதார் கேட்டபோது தன்னுடையதையே கொடுத்திருக்கிறாள். நாலு வீட்டுக் கரண்டும் அவள் தலையில்.

நான் வெளியே போய் ஜன்னலோரம் நின்று, எம்எல்ஏ குரலில் அந்த ஊழியருக்குப் போன் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “குரல் பாகுந்தி, நல்லாவே இருக்குது தம்பி. கம்ப்யூட்டருக்குக் காது இல்லையே, அது மீட்டரைத்தான் பாக்குது.”

ஜீரோ டிக்கெட்

அதற்குள் பெண்களுக்கு இலவச பஸ்ஸும் வந்திருந்தது. மீட்டர் இணைப்பைச் சரிசெய்ய அக்காவும் நானும் சித்தூர் கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினோம். வேலூரிலிருந்து வந்த பஸ்ஸை அக்கா விட்டுவிட்டாள்; மாநிலம் தாண்டுகிற வண்டியில் இலவசம் இல்லை. அடுத்து வந்த பல்லெவெலுகு என்கிற உள்ளூர் பஸ்ஸில் ஏறினோம். லைன் வீட்டுச் சொந்தக்காரி கமலம்மாவும் ஏறினாள். அவள் வீட்டில் ஏசி ஓடுகிறது. கண்டக்டர் இருவர் ஆதாரையும் பார்த்து ஜீரோ டிக்கெட் கிழித்தார். காசு கொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

மீட்டரை உங்கள் ஆதாருக்கு மாற்றுங்கள் என்று அக்கா கேட்டாள். கமலம்மா மறுத்தாள். அவள் வீட்டு யூனிட்டோடு அதுவும் சேர்ந்தால் முந்நூறைத் தாண்டும், மாமியார் பென்சன் நின்றுபோகும். நியாயம்தான். ஒரே சீட்டில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நாலு வீட்டுக்கும் தனி மீட்டர் போட்டால் ஒருத்தருக்கும் சிவப்பு வராது, டெபாசிட்டை அவரவர் கட்டிக்கொள்கிறோம் என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். சித்தூர் ஸ்டாண்டில் இறங்கும்போது கமலம்மா சொன்னாள்: “இந்த பஸ்ஸுல ஏறசொல்ல உன் மீட்டரு எவ்ளோன்னு யாருனா கேட்டாங்களாடி? அதான் சண்டையில்லாம குந்திக்கினு வந்தோம். போடு, நாலு மீட்டரு.”

ரெண்டாவது பட்டியல்

மீட்டர் வந்தது, பழைய ஆதார் இணைப்பை எடுத்தார்கள், சச்சிவாலயத்தில் மனு போட்டோம். ரெண்டாவது பட்டியலில் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். செல்வி அக்கா பாங்கிலிருந்து நேராக வந்து ஒரு பொட்டலம் மைசூர்பாகை என் கையில் திணித்தாள். “பணம் ஏறிடுச்சுடா. அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேனான்னு மட்டும் கேட்டுடாத.”

எல்லாருக்கும் என்று ஊரைக் கூப்பிட எனக்கு ஒரு மைக் போதுமாக இருந்தது, அந்த எல்லாரில் ஒருத்தியைச் சேர்க்க நாலு மீட்டர் மாட்ட வேண்டியிருந்தது.