இடம் மாறிய தகடு

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில் பாகூர் பக்கத்து நெல் மில்லில் நான் குமாஸ்தா. அங்கே ஒரே மாடலில் இரண்டு ஆயில் எஞ்சின்கள் ஓடின. ஒன்று பழசு, ஒன்று புதுசு. வருஷா வருஷம் பூஜைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து அடித்து இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகி விட்டன.

ஒருநாள் பழைய எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இறுகிப் போய், எஞ்சின் தறிகெட்டு ஓடியது. டீசலை நிறுத்த ஓடிய டிரைவரின் வலது கையைக் கழன்ற பெல்ட் இழுத்துக்கொண்டது. விரல்கள் போய்விட்டன.

நகரத்து ஆபீசுக்கு விபத்து அறிக்கை போக வேண்டும். மாடல், எண், வயது, கடைசியாக சர்வீஸ் செய்த தேதி எல்லாம் கேட்டிருந்தார்கள்.

"இன்னா யோசன? போன மாசந்தான கடலூர் பிட்டர் சர்வீஸ் பண்ணிட்டுப் போனான். பில்லுல நம்பர் கீது, எழுதுப்பா. டிரைவருதான் கவனம் இல்லாம கைய வுட்டான்" என்றார் முதலாளி. அப்படி எழுதினால் டிரைவருக்கு வேலையும் போகும், ஒரு சல்லிக்காசும் வராது.

எஞ்சினைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று எழுந்து போனேன். பழைய எஞ்சின் மேல் திருகியிருந்த பித்தளைத் தகட்டின் எண் பில்லில் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பெயின்ட்டைச் சுரண்டியபோது இரும்பு உடம்பிலேயே அடித்திருந்த எண் தெரிந்தது. அது பில்லில் இருந்த எண். பக்கத்து எஞ்சினிலும் சுரண்டினேன். அங்கே தலைகீழாக இருந்தது. பழசின் தகடு புதுசின் மேல்! பழசுக்குச் செய்ய வந்த பிட்டர் தகட்டைப் பார்த்துப் புதுசுக்கே சர்வீஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பழசின் கவர்னரில் எண்ணெய் தார் போலக் கெட்டியாகிக் கிடந்தது.

டிரைவரின் மனைவி மில் வாசலில் நெல் காயவைப்பவள். தகடுகளை யாராவது கழற்றினார்களா என்று அவளிடம் கேட்டேன்.

"பூஜைக்குப் புளி போட்டு வெளக்கணும்னு எங்க ஊட்டுக்காருதான் ரெண்டயும் கயட்டிக் குடுத்தாரு சார். அதுல இன்னா?"

திருப்பி மாட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

உடம்பில் அடித்த எண், தகட்டு எண், பழசின் உண்மையான வயது, அதற்குப் போன வருஷம் நடந்த சர்வீஸ் தேதி எல்லாம் உள்ளபடி எழுதினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு என் மேஜை மேல் வீசிவிட்டுப் போனார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு எஞ்சினிலும் எண்ணைத் தடவிப் பார்த்தார். "சர்வீஸ் ஆகாத மெஷின். டிரைவர் மேல தப்பில்ல" என்றார். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் முதலாளி வாயைத் திறந்தார்.

"தகட்ட மாத்தி மாட்டுனது யாருன்னு கேளுங்க சார்."

டிரைவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"நாந்தான் சார். இந்தக் கையாலதான்."

அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார் அதிகாரி. சேர்த்தேன். கீழே கையெழுத்துப் போடப் பேனா பிடிக்க டிரைவருக்கு விரல் இல்லை. கைநாட்டு வைக்க, இடது கைப் பெருவிரலில் நான்தான் மை தடவினேன்.