தம்பி மகன் உறவில்லை

என் தம்பி மனைவி இறந்தபோது அவர்களுடைய மகனுக்கு மூன்று வயது. தம்பி திருப்போரூரில் மனை வாங்கி விற்கும் தரகு வேலையில் இருந்தான். காலையில் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. நான் ஜெர்மனியில் இரண்டு வருட ஆராய்ச்சியை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. பையன் கேளம்பாக்கத்தில் என் வாடகை வீட்டுக்கு வந்தான். ஒரு மாதம் இருப்பான் என்றார்கள். பதினைந்து வருடம் இருந்தான்.

அவனை முறைப்படி தத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "இன்னாக்கா, நம்ம புள்ளதானே, இதுக்கு இன்னாத்துக்கு பேப்பரு?" என்றான். நாள் முழுக்கப் பத்திரங்களோடு புழங்குகிறவன் அப்படிச் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பையன் படித்தான், அமெரிக்கா போனான், வேலையில் சேர்ந்தான். நான் படூரில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, மீதிக்கு வங்கிக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்ததைத் தொலைபேசியில் தெரிந்துகொண்டு, ஆறு லட்சம் ரூபாய்க்குச் சமமான டாலரை என் கணக்குக்கு அனுப்பிவிட்டான். கூடவே ஒரு கடிதம். இணையத்தில் மாதிரி பார்த்து எழுதியது. 'இயற்கையான அன்பின் காரணமாக, எவ்விதக் கைம்மாறும் எதிர்பாராமல், என் அத்தைக்கு இதை அன்பளிப்பாகத் தருகிறேன்' என்று இருந்தது. இவ்வளவு கறாரான அன்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் பணத்துக்கு வரி கிடையாது என்று கல்லூரி ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். நானும் வருமான வரிப் படிவத்தை நானே நிரப்பி, அந்த ஆறு லட்சத்தை வரிவிலக்குப் பெற்ற வரவுகள் என்ற பகுதியில் நேர்மையாக எழுதிக் கொடுத்தேன். மறு வருடம் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

செங்கல்பட்டில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ஆடிட்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நோட்டீஸைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இதைக் கடன்னு எழுதியிருக்கலாமே?" என்றார்.

கடனாக வந்த பணம் வருமானம் ஆகாதாம். ஆனால் அன்பளிப்பு என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அதைக் கடனாக மாற்றுவது பொய். அது வேண்டாம் என்றேன். அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

விசாரணை நாளில் ஆடிட்டரோடு போனேன்; வருமான வரி அதிகாரி நடுவயதுக்காரர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்றிதழ், பையனுடைய பாஸ்போர்ட் நகல், அவனுடைய சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பணம் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அனுப்பினவர் உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி மகன்."

அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சும்மா வரும் பணம் முழுவதும் வருமானம். உறவினரிடமிருந்து வந்தால், அவர் உள்ளூரில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், எவ்வளவானாலும் வரியில்லை. உறவினர் யார் என்று கீழே ஒரு பட்டியல். கணவன் அல்லது மனைவி. உடன்பிறந்தவர்கள். கணவன் மனைவியின் உடன்பிறந்தவர்கள். பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். நேர் வழியில் மேலே உள்ளவர்கள், கீழே உள்ளவர்கள். பிறகு இவர்களுடைய துணைகள். இரண்டு முறை படித்தேன். தம்பி இருந்தான், தம்பி மனைவி இருந்தாள். தம்பி மகனைக் காணவில்லை.

"பெற்றோரின் உடன்பிறந்தவர்னு இருக்கே, சார். நான் அவன் அப்பாவோட அக்காதானே?"

"கரெக்ட் மேடம். அதனால நீங்க அவருக்கு உறவு. நீங்க அவருக்கு ஆறு லட்சம் கொடுத்திருந்தா ஒரு பைசா வரி வராது." பட்டியலில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆனா அவர் உங்களுக்கு உறவு இல்லை. வாங்கறவர் பக்கத்திலிருந்துதான் பார்க்கணும்."

நான் அந்தப் பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உறவுகள் என்ற பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அ என்பது ஆ-வுக்கு உறவு என்றால் ஆ என்பது அ-வுக்கும் உறவாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். உதாரணம் கேட்டு மாணவர்கள் தொந்தரவு செய்வார்கள். வீட்டிலேயே ஒன்று இருந்திருக்கிறது.

சட்டப்படி தத்து எடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். எடுத்திருந்தால் அவன் நேர் வாரிசு, பிரச்சினையே இல்லை. இல்லை என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

பிறகு வழக்கமான கேள்வியாக, வேறு வங்கிக் கணக்குகள் உண்டா என்றார். ஜெர்மனியில் ஒன்று உண்டு என்றேன். ஆராய்ச்சி உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது. நான் ஜெர்மன் மார்க்காகப் போட்டேன், அது தன்னால் யூரோவாக மாறிவிட்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆடிட்டரின் பேனா நின்றது.

அதிகாரி பதறவில்லை. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருப்பது தப்பில்லை என்றார். ஆனால் நான் இப்போது முழுக்க முழுக்க இங்கே வசிக்கிறவள், உலகத்தில் எந்த மூலையில் வட்டி வந்தாலும் இங்கே வருமானம்தான் என்றார். அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

வெளிநாட்டுக் கணக்கை எழுதப் படிவத்தில் இடமே இல்லையே என்றேன். தேடிப் பார்த்தது உண்மை.

"கணக்கைக் காட்ட இடம் இல்லை மேடம். வட்டியைக் காட்ட இடம் இருக்கு. இதர வருமானம்."

அதாவது, கணக்கு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது போடும் குட்டியை மட்டும் கேட்பார்கள். அந்த வருட வட்டியை ரூபாயில் மாற்றிப் பார்த்தால், நான் அன்று ஆட்டோவுக்கும் காப்பிக்கும் செலவழித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதையும் ஆறு லட்சத்தோடு சேர்த்துக்கொண்டார்.

வரியும் தாமத வட்டியுமாக இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பணம் வந்ததை நானே படிவத்தில் எழுதியிருந்ததால் அபராதம் மட்டும் வேண்டாம் என்று பிறகு முடிவாயிற்று. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். பட்டியல் தெளிவாக இருக்கிறது, செலவுதான் மிஞ்சும் என்றார் ஆடிட்டர். திரும்பி வரும் வழியில் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மற்ற விலக்குகளையும் சொன்னார். கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும், வரியில்லை. உயில் மூலம் வந்தாலும் இல்லை. ஆக நான் ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பையன் எனக்கு முன்னால் போயிருக்க வேண்டும். வரியே மேல் என்று தோன்றியது.

அன்று இரவு பையன் கூப்பிட்டான். நடந்ததை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நான் உனக்கு யாரு அத்த?" என்றான்.

அது வருமான வரிக்கு மட்டும் என்றேன். ஸ்கூலில் கையெழுத்துப் போட்டது யார், அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தது யார் என்றெல்லாம் அவனே சொல்ல ஆரம்பித்தான். ஏதோ நான்தான் அந்தச் சட்டத்தை எழுதியவள் போல என்னிடம் வாதாடினான். கடைசியில், வரிப் பணத்தையும் நானே அனுப்பிவிடுகிறேன் என்றான். அனுப்பினால் அதற்கும் வரி போடுவார்கள் என்றேன். அந்த வரிக்கும் அனுப்புகிறேன் என்றான். அதற்கும் உண்டு என்றேன். அப்போதுதான் சிரித்தான்.

வரி விழாமல் அனுப்பும் வழியை ஆடிட்டர்தான் சொன்னார். மகன் அப்பாவுக்கு அனுப்பினால் வரியில்லை. தம்பி அக்காவுக்குக் கொடுத்தால் வரியில்லை. "ஆனா ஒண்ணு மேடம், அவர் கைக்குப் போனா அது அவர் பணம். கொடுக்கறதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். வெறும் குழாய் மாதிரி இருக்கக் கூடாது," என்றார்.

தம்பி குழாயாக இருக்கவில்லை. மகன் அனுப்பிய இரண்டேகால் லட்சம் வந்து சேர்ந்ததும், தையூர்ப் பக்கம் ஒரு மனைக்கு அதை முன்பணமாகக் கொடுத்துவிட்டான். நான் கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி வரியைக் கட்டினேன். பையனிடம் சொல்லவில்லை. தம்பியைக் கேட்டபோது அவன் கோபப்படக்கூட இல்லை. "எங்கக்கா போய்டும் பணம்? சுத்திக்கினு கீது, வரும்," என்றான்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். வெள்ளை வேட்டி, ஒரு கிலோ மைசூர்பாகு, இரண்டேகால் லட்சத்துக்கு ஒரு காசோலை. மனை கைமாறி, அவனுக்கு நல்ல லாபம் கிடைத்திருந்தது. லாபம் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காசோலையோடு, மகனுடைய கடிதத்தைப் பார்த்து எழுதிய ஒரு கடிதமும் கொடுத்தான். இயற்கையான அன்பின் காரணமாக என்ற வரியை விடாமல் எழுதியிருந்தான்.

"பாத்தியாக்கா? உன் வூட்டுல பதினஞ்சு வருசம் சோறு துன்னவன் சொந்தமில்ல. நான்தான் சொந்தம். கெவுருமெண்டே சொல்லிட்ச்சு," என்றான். பெருமையாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்ததும் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

சில வருடங்களில் படிவம் மாறியது. வெளிநாட்டுச் சொத்துகளுக்கென்றே தனி அட்டவணை வந்துவிட்டது. நாடு, வங்கியின் பெயர், முகவரி, அந்த வருடத்தில் கணக்கில் இருந்த உச்சபட்சத் தொகை என்று கேட்டது. ஆசிரியர் அறையில் அதைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து நிதானமாக நிரப்பினேன். கணக்கை முடித்துவிடுங்கள் மேடம், தலைவலி என்று ஆடிட்டர் வருடாவருடம் சொல்வார். இடம் கேட்டவளே நான்தான். கொடுத்த பிறகு காலியாக விட மனம் வரவில்லை.

பையன் இப்போதும் எனக்குப் பணம் அனுப்புகிறான். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. ஒரு நிதியாண்டுக்கு நாற்பத்தொன்பதாயிரம் வரை அவனுக்கு அன்பு உண்டு. அதற்கு மேல் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். வேறு யாரும் எனக்கு எதுவும் தந்துவிடக் கூடாது, எல்லாம் சேர்த்துத்தான் ஐம்பதாயிரம் என்று தொலைபேசியில் எச்சரிப்பான். அப்படித் தர யாரும் இல்லை என்று சொன்னால் அவனுக்குத் திருப்தி.