அடிக்கோடிட்ட மூன்று வரிகள்

காலை ஆறு நாற்பது. ஜமுனாமரத்தூரில் நான் ஏறிய பேருந்தில் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து இருக்கைச் செவிலியரின் மடியிலிருந்த தாளும் பென்சிலும். தனக்குக் கீழே வேலை செய்பவர்கள், பெயர் போடாமல் தன்னைப் பற்றி எழுதிய கருத்துகள் என்றார்.

'திமிர் பிடித்தவர்' என்ற வரியை அவர் தொடவில்லை. 'எங்களைப் பேச விடுவதில்லை' என்பது மூன்று இடங்களில் இருந்தது. மூன்றையும் அடிக்கோடிட்டார்.

"யார் எழுதினதுன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்றேன். என் அலுவலகத்தில் பெயர் போடாமல் என்னைப் பற்றி எழுதியவரை நான் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"மொத நாளு அதாங்க பண்ணேன். சோறு எறங்கல, ஒருத்தர் மூஞ்சியும் பாக்க முடியல. ரெண்டு நாளு பையில மூடி வெச்சுட்டேன். திமிருக்கு இன்னா மருந்துங்க குடுக்கறது? குறுக்க பேசறத நிறுத்தலாம்."

அந்தப் பயணத்தை இன்றும் பிரியத்தோடு நினைத்துக்கொள்கிறேன். போளூருக்கு முன்னால், அவரோடு வேலை செய்யும் பெண் ஒருவர் போனில் அழைத்தார். அந்தப் பெண் பேசிய பத்து நிமிடமும் செவிலியர் குறுக்கிடாமல் "ம்" மட்டுமே சொன்னார்.