தண்ணீருக்கு எழுதாத கூலி

மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பேத்திக்கு எட்டு மாதம். ஆரணிக்கு வெளியே எங்களுக்கு இருக்கும் ஒரு ஏக்கரில் மறுபடி நெல் வைப்பதா, பக்கத்து நிலத்துக்காரரிடம் குத்தகைக்கு விடுவதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் போகத்துக்கு ஆறு மூட்டை தருவதாகச் சொன்னார். அன்றைய விலைக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு.

போன போகத்து நோட்டை எடுத்தேன். விதை முப்பது கிலோ ஆயிரத்து முந்நூறு, உழவு நாலாயிரத்து ஐந்நூறு, நடவு ஐயாயிரத்து ஐந்நூறு, முதல் களைக்குப் பத்துப் பெண்கள் மூவாயிரம், உரமும் மருந்தும் ஆறாயிரத்து ஐந்நூறு, அறுப்பு மெஷின் மூவாயிரத்து இருநூறு. மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். அதனால் தண்ணீருக்கு, எரிந்துபோன மோட்டார் காயிலை மறுபடி கட்டிய ஆயிரம் மட்டும். ஆக இருபத்தைந்தாயிரம். இருபத்தைந்து மூட்டை நாற்பதாயிரத்துக்குப் போனது. மிச்சம் பதினைந்தாயிரம். குத்தகையைவிட லாபம்தானே?

ஆனால் இந்த முறை மடை திருப்ப யார்? போனில் மனைவியிடமே கேட்டேன்.

“தண்ணி எத்தினி நாள் பாய்ச்சின?”

“ஏன், சம்பளம் அனுப்பப் போறீங்களா?”

“கணக்குக்குக் கேக்கறேன்.”

“அறுவது நாள் காலையில போயிருப்பேன். ரெண்டு ரெண்டு மணி நேரம். நீங்க வரப்புல நின்னு பேப்பர் படிச்சிகினு இருந்தீங்க, அதையும் எழுதிக்குங்க.”

எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால், பதினைந்து நாள். நாற்றங்கால், இரண்டாம் களை, நெல் காய வைத்தது எல்லாம் சேர்த்து இன்னும் இருபத்தொன்று என்றாள். முப்பத்தாறு நாளுக்கும் முந்நூறு போட்டேன். பத்தாயிரத்து எண்ணூறு.

“முந்நூறா? மடை திருப்ப ஆம்பளைய கூப்டா அறுநூறு கேப்பான். வேலைக்குத்தானே கூலி, சேலைக்கா?”

திருத்தினேன். தண்ணீருக்கு ஒன்பதாயிரம், மற்றதற்கு ஆறாயிரத்து முந்நூறு. பதினைந்தாயிரத்து முந்நூறு. முந்நூறு ரூபாய் நஷ்டம். அதில் என் உழைப்பைச் சேர்க்கவில்லை; சேர்க்க அதிகம் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

இத்தனை வருடம் லாபம் என்று நான் பெருமையாகச் சொன்னது அவளுக்குக் கொடுக்காத கூலி. அதைவிட அந்த அறுபது காலைகள்தான் என்னைப் படுத்தின. முழங்கால்வரை சேறோடு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, “வூட்டுக்குப் போலாமா?” என்று அவள் கேட்பாள். அதற்கு எந்த வரியிலும் இடமில்லை.

மறுநாள் காலை குத்தகைக்கு ஒப்புக்கொண்டேன். பக்கத்து நிலத்துக்காரர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், அந்தக் கடைசி மூலை மேடா இருக்குதே, எந்த மடைய மொதல்ல தொறக்கணும்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். மகள் எடுத்தாள். அம்மா பேத்தியைக் குளிப்பாட்டுகிறாள், பத்து நிமிஷம் ஆகும் என்றாள்.

“பரவாயில்லம்மா, இருக்கேன்” என்று வரப்பிலேயே உட்கார்ந்தேன்.