ஒன்பதாயிரத்தில் கார் படித்த கதை

ஆலங்குளத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு வேலையே எஸ்டிமேட் சரிபார்ப்பதுதான். சாக்கடை வாறுகால் கட்ட எவ்வளவு, சுவர் பூச எவ்வளவு என்று வருகிற காகிதங்களில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்பேர்ப்பட்ட நான் என் சொந்த எஸ்டிமேட்டில் கவிழ்ந்தேன்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் அவருடைய கார், குத்துக்கல்வலசை வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கும். நானோ தினமும் தென்காசிக்குப் போய் பஸ் மாறி ஆபீசுக்கு லேட்டாகப் போய், மேலதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டும். கார் ஓட்டப் படிக்கிறேன் என்றதும் வீட்டுக்காரர் போனில் சிரித்தார்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்னு எழுதி அனுப்பு. அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் வண்டிய வித்துருவேன், பாத்துக்கோ."

ரோஷம் வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலுக்கு, இருபது நாள், தினம் அரை மணி நேரம், ஆறாயிரத்து ஐந்நூறு. எல்.எல்.ஆர்., டெஸ்ட், லைசென்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. நாற்பது தாண்டியதால் டாக்டர் சர்டிபிகேட்டுக்கு முந்நூறு. நம் காரிலேயே பத்து நாள் பழக பெட்ரோல் எழுநூறு. ஆக ஒன்பதாயிரம். எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி சேர்க்காமல் வரும் எஸ்டிமேட்டை நானே எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்! தொகை கூடினால் வேண்டாம் என்பாரோ என்று அந்த வரியை வேண்டுமென்றே விட்டேன்.

எங்கள் காரை எடுத்த முதல் நாளே பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் போட முந்நூறு. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். அடுத்த வீட்டு அண்ணாச்சி பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூட வரக் கேட்டேன்; காசு தருகிறேன் என்றதும் கோபித்துக்கொண்டார்.

"காசு குடுத்தியன்னா நாளைக்கு வரமாட்டேன். சாரல் விழுது, குத்தாலத்துப் பக்கம் விடு. குளிச்ச மாதிரியும் ஆச்சு, நீ படிச்ச மாதிரியும் ஆச்சு."

அருவியில் குளித்தால் பசிக்கும். பசித்தால் புரோட்டா. பத்து நாளில் அதற்கே தொள்ளாயிரம். சீசன் கூட்டத்தில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்ததில், எழுநூறு போட்டிருந்த பெட்ரோல் இரண்டாயிரத்து நூறுக்குப் போனது. மேடு வந்தால் அண்ணாச்சியே இடம் மாறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வார். ஸ்கூல் வண்டியிலோ மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளச் உண்டு. மேட்டில் ஓட்டியதெல்லாம் அவர் கால்தான் என்று எனக்குத் தெரியவே இல்லை.

டெஸ்டில் தெரிந்தது. மாஸ்டர் கீழே நின்றார். அதிகாரி மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி நிதானமாகப் பின்னால் உருண்டது, நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஃபெயில். ஒரு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். இனி மறுடெஸ்டுக்கு முந்நூறு, ஸ்கூல் வண்டிக்கு ஐந்நூறு, மேட்டில் பழக இரண்டு வகுப்புக்கு அறுநூறு.

ஆக மொத்தம் பதின்மூன்றாயிரம்.

மறைத்துவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. சம்பளம் வாங்குகிறேன், அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் ஆபீசில் கணக்கை மறைக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் திருத்திய மதிப்பீடு என்று தலைப்பிட்டு, எங்கள் ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். பெட்ரோல்: சீசன் நெரிசல். புரோட்டா: அண்ணாச்சி. மறுடெஸ்ட்: பயம்.

இரண்டு நாள் பதிலே இல்லை. வண்டி போனது என்று முடிவு கட்டி, வாசலில் அதைப் பார்க்காமல் குனிந்துகொண்டு போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீசில் இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

"கடைசி வரியில என்ன எழுதியிருக்க?"

"பயம்னு."

"கல்யாணம் ஆகி பதினாறு வருஷம். காய்ச்சலோ, மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்ததோ, எதுன்னாலும் எங்கிட்ட ஒருநாளும் பயமா இருக்குன்னு சொன்னதில்லயே நீ."

சொன்னால் அங்கே இருக்கிற மனுஷன் என்ன செய்வார் என்று சொல்லாமலே பழகிவிட்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"வண்டிய விக்கல, அங்கனயே நிக்கட்டும்," என்றார்.

"மறுபடியும் ஃபெயிலானா?"

"மறுபடியும் எஸ்டிமேட் அனுப்பு. எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். காரணத்த மட்டும் விடாம எழுது."